வாராக்கடனை நேரடியாகப் போக்கெழுதுவதா, ஐயக்கடனுக்கு ஒதுக்கு வைப்பதா: ஒரு முட்டை மொத்த வியாபாரத்தின் மார்ச் 31 கணக்கு

நாமக்கல்லில் கூட்டாண்மையாக நடக்கும் ஒரு முட்டை மொத்த வியாபாரத்துக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பேக்கரிகளும் மளிகைக் கடைகளும் கடனுக்கு எடுத்து, பத்து பதினைந்து நாளில் பணம் தருவது அங்கே வழக்கம். ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது, வராது என்று தெரிந்துவிட்ட பாக்கியையும் வருமா வராதா என்று சொல்ல முடியாத பாக்கியையும் எப்படிப் பதிவது என்ற கேள்வி எழுந்தது. அதைத் தீர்த்த முறையை அந்தக் கணக்கின் அமைப்பிலேயே இங்கே தருகிறேன். தொகைகளை மட்டும் எளிய எண்களாக மாற்றியிருக்கிறேன். பற்று, வரவு, குறிப்பேட்டுப் பதிவு ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று மாற்று என்றே பலர் நினைக்கிறார்கள். என் கருத்தில் அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். இன்னாருடைய இந்தத் தொகை இனி வராது என்று முடிவு செய்துவிட்டால் செய்வது போக்கெழுதுதல். இருக்கும் பாக்கியில் எவ்வளவோ ஒரு பகுதி வராமல் போகும், யாருடையது என்று இப்போது சொல்ல முடியாது என்ற நிலையில் வைப்பது ஒதுக்கு. ஒரே ஆண்டில் இரண்டும் தேவைப்படலாம். எங்கள் கணக்கில் தேவைப்பட்டன.

முதல் படி: பாக்கியை வயது வாரியாகப் பிரித்தல்

2025 மார்ச் 31 அன்று கடனாளிகள் மொத்தம் ரூ.12,40,000. இதில் ரூ.40,000 ஒரு பேக்கரியின் பாக்கி. கடையை மூடிவிட்டார்கள், உரிமையாளர் ஊரில் இல்லை, அனுப்பிய பதிவுத் தபாலும் திரும்பி வந்துவிட்டது. எனவே இது ஐயக்கடன் அல்ல, வாராக்கடன். மற்றவற்றை டேலியில் எடுத்தோம்.

`Display More Reports > Statements of Accounts > Outstandings > Receivables`

இந்த அறிக்கையை வயது வாரியாகப் பிரித்துக் காட்டச் செய்து, 30, 90, 180 நாள் என்று எல்லைகளைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கடனாளியின் பேரேட்டிலும் `Maintain balances bill-by-bill` என்பது `Yes` ஆக இருந்தால்தான் இந்த அறிக்கைக்கு மதிப்பு உண்டு. எக்செல்லில் தனிப் பட்டியல் வைத்து வயது கணக்கிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பேரேட்டில் பதிந்த ஒரு வரவு பட்டியலுக்கு வராமல் போவதற்கு ஒரு நாள் அசதி போதும்.

இரண்டாம் படி: உறுதியான வாராக்கடனைப் போக்கெழுதுதல்

`F7` அழுத்தி `Journal` திறந்து, இந்தப் பதிவைப் போட வேண்டும்.

வாராக்கடன் க/கு (பற்று) ரூ.40,000
பேக்கரி க/கு (வரவு) ரூ.40,000

பேக்கரியின் வரியில் பில் விவரம் கேட்கும்போது `Agst Ref` தேர்ந்தெடுத்து, எந்தெந்தப் பில்கள் என்று குறிக்க வேண்டும். `On Account` என்று விட்டுவிட்டால் பேரேட்டின் நிலுவை பூஜ்யம் ஆகிவிடும். ஆனால் பழைய பில்கள் தீராமலே கிடக்கும். மொத்தம் சரியாக இருப்பதால் இது கண்ணில் படாது. பதிவு போட்டபின் வயது வாரி அறிக்கையை மீண்டும் திறந்து, அந்தப் பேக்கரியின் பெயர் மறைந்துவிட்டதா என்று பார்ப்பதே சோதனை.

போக்கெழுதுவது கடனைத் தள்ளுபடி செய்வதாகாது. நம் ஏட்டில் சொத்தாகக் காட்டுவதை நிறுத்துகிறோம், அவ்வளவுதான். வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. ஆகவே "உங்கள் பாக்கியை ரத்து செய்துவிட்டோம்" என்று வாடிக்கையாளருக்குக் கடிதம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

மூன்றாம் படி: ஒதுக்கைக் கணக்கிடுதல்

போக்கெழுதியபின் மீதி ரூ.12,00,000. விழுக்காடு இந்தத் தொகைக்குத்தான்; ரூ.12,40,000-க்குப் போட்டால் அந்தப் பேக்கரியின் நட்டம் இரண்டு முறை ஏறும். எங்கள் பிரிப்பு இப்படி அமைந்தது.

30 நாளுக்குள்: ரூ.8,00,000, 1% = ரூ.8,000
31 முதல் 90 நாள்: ரூ.2,50,000, 5% = ரூ.12,500
91 முதல் 180 நாள்: ரூ.1,00,000, 20% = ரூ.20,000
180 நாளுக்கு மேல்: ரூ.50,000, 50% = ரூ.25,000
தேவையான ஒதுக்கு: ரூ.65,500

இந்த விழுக்காடுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்தைய ஆண்டுகளின் மார்ச் 31 பட்டியல்களை எடுத்து, அன்று 180 நாளைக் கடந்திருந்த பாக்கியில் கடைசிவரை எவ்வளவு வரவில்லை என்று பார்த்தோம், ஏறத்தாழப் பாதி. அதனால்தான் 50%. மொத்தப் பாக்கிக்கும் ஒரே 5% என்று பாடப்புத்தகக் கணக்குகளில் போடுவதுபோல் போட்டிருந்தால் ரூ.60,000 வந்திருக்கும். இந்த ஆண்டு வித்தியாசம் சிறியது. ஆனால் பழைய பாக்கி குவியத் தொடங்கும் ஆண்டில், மொத்தம் மாறாதவரை அந்தக் கணக்கு எச்சரிக்கையே தராது.

நான்காம் படி: பழைய ஒதுக்கோடு நேர்செய்தல்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எனக்கும் மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. தேவையான ஒதுக்கு ரூ.65,500 என்று வந்துவிட்டதால் அந்தத் தொகை முழுவதையும் இலாப நட்டக் கணக்கில் பற்று வைக்கத் தோன்றும். ஆனால் சென்ற ஆண்டு வைத்த ரூ.48,000 ஒதுக்கு பேரேட்டில் ஏற்கெனவே வரவு இருப்பாக நிற்கிறது. அது சென்ற ஆண்டின் இலாபத்திலிருந்தே கழிக்கப்பட்டுவிட்ட தொகை. இப்போது சேர்க்க வேண்டியது வித்தியாசமான ரூ.17,500 மட்டுமே.

இலாப நட்டக் க/கு (பற்று) ரூ.17,500
வாரா ஐயக்கடன் ஒதுக்கு க/கு (வரவு) ரூ.17,500

இந்த ஆண்டின் இலாபத்தில் கழிவது வாராக்கடன் 40,000 + ஒதுக்கின் உயர்வு 17,500 = ரூ.57,500.

பேக்கரியின் ரூ.40,000-ஐ வாராக்கடன் கணக்குக்குக் கொண்டுபோகாமல் பழைய ஒதுக்கிலிருந்தே கழிப்பவர்களும் உண்டு. அப்போது ஒதுக்கில் எஞ்சுவது ரூ.8,000, அதை ரூ.65,500 ஆக்க ரூ.57,500 தேவை. இலாபம் ஒரே அளவில்தான் குறைகிறது. இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்து ஒரே தொகை வருகிறதா என்று சரிபார்ப்பது, பழைய ஒதுக்கைக் கணக்கில் எடுக்க மறந்ததைக் காட்டிக்கொடுக்கும் எளிய வழி. இருந்தாலும் நான் முதல் வழியையே விரும்புகிறேன். காரணம் அடுத்த படியில் வருகிறது.

டேலியில் ஒதுக்குக்கான பேரேட்டை `Provisions` குழுவில் வைத்தால் அது பொறுப்புகள் பக்கத்தில் போய் நிற்கும். `Sundry Debtors` குழுவில் வைத்தால் அதுவும் ஒரு கடனாளியைப்போலப் பாக்கிப் பட்டியலுக்குள் நுழைந்துவிடும். நான் `Current Assets` குழுவில் நேரடியாக வைக்கிறேன். சொத்துப் பக்கத்திலேயே கழித்தல் குறியோடு தெரியும். இருப்பு நிலைக் குறிப்பை அச்சிடும்போது 12,00,000 − 65,500 = 11,34,500 என்று கடனாளிகளைக் காட்ட அது வசதி.

ஐந்தாம் படி: வருமான வரிக் கணக்கீடு

ஏட்டுக் கணக்கில் இரண்டும் செலவுதான் என்றாலும் வரிச் சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. வருமான வரிச் சட்டம் 1961-இன் 36ஆம் பிரிவு, ஏட்டில் போக்கெழுதிய வாராக்கடனைக் கழிக்க அனுமதிக்கிறது. ஒதுக்கு அதில் அடங்காது என்று அதன் விளக்கவுரை தெளிவாகச் சொல்கிறது. வங்கிகள் போன்ற சில நிறுவனங்களுக்கு மட்டுமே தனி ஏற்பாடு உண்டு. கடன் உண்மையிலேயே வராது என்று வணிகர் நிரூபிக்கத் தேவையில்லை, ஏட்டில் போக்கெழுதியிருந்தால் போதும் என்று டிஆர்எஃப் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. நேரடி வரிகள் வாரியமும் 2016-இல் அதை ஏற்றுச் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆனால் அந்தத் தொகை முன்பு வருமானமாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். விற்பனைப் பாக்கிக்கு இது பொருந்தும். வண்டி வாங்கக் கொடுத்த முன்பணம் மூழ்கிப்போனால் அதற்குப் பொருந்தாது.

இவற்றையெல்லாம் கழிக்கும் முன் எங்கள் இலாபம் ரூ.6,00,000 என்று கொள்வோம். ஏட்டு இலாபம் ரூ.5,42,500. வரிக் கணக்கீட்டில் ஒதுக்கின் உயர்வான ரூ.17,500-ஐ மீண்டும் கூட்ட வேண்டும், ரூ.5,60,000 வரும். ஆறு லட்சத்திலிருந்து போக்கெழுதிய 40,000 மட்டும் கழிந்திருக்கிறது என்பதே விடை சரி என்பதற்கு அடையாளம். வாராக்கடனையும் ஒதுக்கையும் தனித்தனிக் கணக்குகளில் வைத்திருந்தால் கூட்ட வேண்டிய தொகை இலாப நட்டக் கணக்கிலேயே தெரியும். முதல் வழியை நான் விரும்புவது இதனால்தான்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன; 2024-25 கணக்குக்கு மேலே சொன்னதே பொருந்தும்.

வரியில் கழிக்க முடியாத ஒதுக்கை ஏன் வைக்க வேண்டும் என்று கூட்டாளி ஒருவர் கேட்டார். மார்ச்சில் ஒரு கூட்டாளி விலகினால், ஒதுக்கு வைக்காத கணக்கின்படி அவர் தன் இலாபப் பங்கை முழுதாக எடுத்துக்கொண்டு போவார். அதே விற்பனையின் வாராக்கடன் அடுத்த ஆண்டு மற்றவர்கள் தலையில் விழும். ஒரு முட்டைக்குப் பத்து பைசா நிற்கும் வியாபாரத்தில் ரூ.40,000 இழப்பை ஈடுசெய்ய நான்கு லட்சம் முட்டை விற்க வேண்டும் என்பதால் இதை அற்பத் தொகை என்று விட முடியாது. தனியொருவர் நடத்தும், கடன் அதிகம் கொடுக்காத கடைக்கு நேரடிப் போக்கெழுதலே போதும் என்பதையும் அவரிடம் சொன்னேன்.

வாசகர்கள் கேட்டபின் சேர்த்தவை

போக்கெழுதிய பேக்கரிக்காரர் அடுத்த ஆண்டு ரூ.15,000 கொண்டுவந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை அவருடைய பேரேட்டில் வரவு வைக்கக் கூடாது; வைத்தால் அவரிடம் நாம் முன்பணம் வாங்கியதுபோல ரூ.15,000 வரவு இருப்பு காட்டும். ரொக்கத்தைப் பற்று வைத்து, "வாராக்கடன் வசூல்" என்ற வருமானக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். முன்பு முழுத் தொகையும் வரியில் கழிக்கப்பட்டுவிட்டதால் இந்த 15,000 முழுவதும் வரிக்கு உட்படும்.

அடுத்த ஆண்டு தேவையான ஒதுக்கு குறைந்தால் என்ன என்பது இன்னொரு கேள்வி. ரூ.52,000 போதும் என்று வந்தால் ரூ.13,500-ஐ ஒதுக்கிலிருந்து எடுத்து இலாப நட்டக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஒதுக்கு வைத்தபோது வரியில் அது கூட்டப்பட்டது என்பதால், இப்போது அதே அளவை வரிக் கணக்கீட்டில் கழித்துக்கொள்ளலாம். இதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் கூட்டிய தொகையை எழுதி வைக்க வேண்டும். 44ஏடி பிரிவின்கீழ் அனுமான அடிப்படையில் வரி கட்டுபவர்கள் மட்டும் வாராக்கடனைத் தனியாகக் கழிக்க முடியாது. அந்த விழுக்காட்டுக்குள்ளேயே எல்லாச் செலவும் அடங்கிவிட்டதாகச் சட்டம் கொள்கிறது.

ஓட்டோடு விற்கும் முட்டைக்கு ஜிஎஸ்டி இல்லாததால் எங்கள் கணக்கில் ஒரு சிக்கல் எழவில்லை. வரியுள்ள பொருளை விற்பவர்கள் கட்டிய ஜிஎஸ்டியை, பணம் வரவில்லை என்ற காரணத்துக்காகத் திரும்பப் பெற முடியாது. பொருள் திரும்பி வந்தாலோ, பில்லில் விலையோ வரியோ கூடுதலாகப் போடப்பட்டிருந்தாலோ, சரக்கில் குறை இருந்தாலோதான் அதற்குரிய வரவுக் குறிப்பு எழுதலாம். வாராக்கடனைப் போக்கெழுத வரவுக் குறிப்பைப் பயன்படுத்தாதீர்கள். குறிப்பேட்டுப் பதிவாகவே போடுங்கள்.