சான்றிதழ் கேட்டு செய்தி அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள். எல்லா சான்றிதழ்களையும் ஐடி புரூஃபையும் உடனே அனுப்பவும்.” பல அலுவலகங்களிலிருந்து போகும் செய்தி இதுதான். ‘எல்லா’ என்றால் எவை, ‘உடனே’ என்றால் எப்போது என்று அதில் இல்லை. ஒருவர் எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் தனித்தனிப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இன்னொருவர் டிகிரி சான்றிதழை மட்டும் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்.

இதைவிடப் பெரிய தவறு, தேர்வானவர் கையில் இன்னும் வராததைக் கேட்பது. பட்டமளிப்பு விழா முடியாதவரிடம் புரொவிஷனல் சான்றிதழ்தான் இருக்கும். பழைய கம்பெனியில் நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்கு ரிலீவிங் லெட்டர் கடைசி நாளில்தான் கிடைக்கும். இதைச் செய்தியிலேயே சொல்லாவிட்டால், வேலை போய்விடுமோ என்று அவர் பயந்துபோவார். ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்கத்திலேயே மாற்று வழியை எழுதிவிடுங்கள்:

> வணக்கம் திவ்யா. அக்கவுன்ட்ஸ் பணிக்குத் தேர்வானதற்கு வாழ்த்துகள். கீழே உள்ளவற்றை ஜூன் 12 மாலை 5 மணிக்குள் இந்த மெயிலுக்கே பி.டி.எஃப்.ஆக அனுப்புங்கள். ஒரிஜினல் தேவையில்லை.
> 1. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்
> 2. டிகிரி சான்றிதழ் (வரவில்லை என்றால் புரொவிஷனல் போதும்)
> 3. ரிலீவிங் லெட்டர் (இப்போது ராஜினாமா ஏற்புக் கடிதம் போதும், மற்றது சேரும் நாளில்)
> 4. பான் கார்டு, மாஸ்க்டு ஆதார்
> 5. பாஸ்புக் முதல் பக்கம்
> எதாவது தாமதமானால் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம்.

ஆதாரை ‘மாஸ்க்டு’ என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் கடைசி 4 இலக்கம் மட்டுமே தெரியும். மெயில் யார் கைக்குப் போனாலும் முழு எண் வெளியே போகாது. ஆதார் இணையதளத்தில் டவுன்லோடு செய்யும்போதே அந்த வசதி இருக்கிறது. பி.எஃப். பதிவுக்கு முழு எண் வேண்டுமே என்றால், சேரும் நாளில் நேரில் வாங்கிக்கொள்ளலாம். ஆவணங்களை டீம் வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், நம் ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘திவ்யா எஸ்’ என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியல் விரிந்து ‘திவ்யா செல்வம்’ ஆகியிருக்கும். ஆதாரில் ‘எஸ் திவ்யா’. இதை யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை. பி.எஃப். எண்ணை ஆதாரோடு இணைக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிடும், அதற்குள் முதல் மாதச் சம்பளமும் வந்துவிடும். பட்டியலின் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: “ஆவணங்களில் பெயரோ பிறந்த தேதியோ மாறியிருந்தால், எதில் எப்படி இருக்கிறது என்று குறிப்பிடவும்.” திருத்த வேண்டியதை அவர் சேருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடலாம்.