பதற்றமாக இருப்பவரை கேமராவுக்குத் தயார்செய்யும்போது நாம் செய்யும் தவறுகள்

பேட்டி கொடுக்கப்போகிறவர் பயப்படுகிறார் என்று தெரிந்தால், கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றும். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறோம். ஆனால் அவர் உட்கார்ந்து பதில் எழுதி, இரவு முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வருவார். கேமரா ஓடும்போது இரண்டாவது வரி மறந்துபோகும். உடனே கண் மேலே போகும், வார்த்தையைத் தேடும். அந்த முகத்தை எடிட்டிங்கில் சரிசெய்யவே முடியாது. கேள்விகளுக்குப் பதிலாக, எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நாலு தலைப்பு மட்டும் சொல்லுங்கள். பெயரோ வருடமோ சரிபார்க்க வேண்டியிருந்தால் அதை மட்டும் பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு, போனிலேயே முழுக் கதையையும் கேட்டுவிடுவது. ஒரு சம்பவத்தை முதல் தடவை சொல்லும்போது இருக்கும் உயிர் இரண்டாவது தடவை இருக்காது. போதாததற்கு, ‘அன்னைக்கே சொன்னேனே, அதே மாதிரிதான்’ என்று சுருக்கிவிடுவார். போனில் பேசும்போது கதை சூடுபிடித்தால், ‘இதை கேமராவில் கேட்கிறேன், இப்போது வேண்டாம்’ என்று அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது தவறுதான் என் அனுபவத்தில் அதிகம் கெடுப்பது. நம் குரல் படத்தில் வராது என்றால் பதில் தனியாக நிற்க வேண்டும். அதனால் உட்கார்ந்தவுடன், ‘நான் கேட்கும் கேள்வியையும் சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்’ என்கிறோம். பதற்றத்தில் இருப்பவருக்கு அது ஒரு பரீட்சை. அதற்கப்புறம் அவர் நினைவில் இருப்பது சம்பவம் அல்ல, வாக்கியம். விதியை ஒரு தடவை சாதாரணமாகச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் முழுமையான பதிலைக் கொண்டுவரும் பொறுப்பு நம் கேள்வியுடையது.

ஓய்வுபெற்ற ஒரு நர்ஸிடம், அவருடைய முதல் இரவு வேலையைப் பற்றிக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

‘முதல் நைட் டியூட்டி பயமாக இருந்ததா?’

‘ஆமாம், ரொம்ப. அப்புறம் பழகிடுச்சு.’

எதற்குப் பயம், எது பழகியது? கேள்வியை வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது. தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். எழுவாயே இல்லாமல் ‘போனேன்’, ‘முடிஞ்சிடுச்சு’ என்று வினைச்சொல்லோடு பதிலை முடித்துவிட முடியும். பேச்சில் அது அழகு, படத்தில் அது தொங்கும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

‘முதல் நைட் டியூட்டிக்கு வார்டுக்குள் நுழைந்தீர்கள் இல்லையா, அந்த இடத்திலிருந்து சொல்லுங்கள். உள்ளே என்ன பார்த்தீர்கள்?’

‘முதல் நாள் நைட் டியூட்டிக்கு நான் உள்ள போறப்போ ஒரே ஒரு லைட்தான் எரிஞ்சுது. கடைசிக் கட்டில்ல ஒரு பாட்டி தூங்காம என்னையே பார்த்துட்டிருந்தாங்க...’

இங்கே விதி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், ஆள், நேரம், இடம் எல்லாம் தானாக வாக்கியத்துக்குள் வரும். அப்படியும் ‘அது’, ‘அவங்க’ என்று தொடங்கினால் அவரை இடைமறிக்காதீர்கள். பேசி முடித்ததும், ‘அவங்க என்றால் அந்தப் பாட்டியா? அவரைப் பார்த்த அந்த நிமிஷத்தை இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ‘தப்பு, மறுபடி முதலிலிருந்து’ என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது. ஒரு தடவை திருத்தப்பட்டவர் மிச்ச நேரம் முழுக்கத் தன்னையே கண்காணித்துக்கொண்டிருப்பார்.

பதில் முடிந்ததும் மூன்று, நான்கு விநாடி வாய் திறக்காமல் அவர் முகத்தையே பாருங்கள். பதற்றமாக இருப்பவர் முதலில் சொல்வது தயாரித்த பதில். அந்த மௌனத்துக்குப் பிறகு அவராகச் சேர்ப்பதுதான் பெரும்பாலும் படத்துக்குப் போகும். எடிட்டருக்கு வெட்ட இடமும் கிடைக்கும். அவர் பேசும்போது ‘ம்... ம்...’ போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நம் குரல் அவர் வார்த்தை மேல் ஏறிவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. தலையை மட்டும் ஆட்டினால் போதும். நான் ஏன் பேசாமல் இருக்கிறேன் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால், பதில் பிடிக்கவில்லையோ என்று நினைத்துக்கொள்வார்.

‘பயப்படாதீங்க, ரிலாக்ஸா இருங்க’ என்று சொல்வதாலும் பலனில்லை, பயம் வெளியே தெரிகிறது என்பதைத்தான் அது உறுதிப்படுத்துகிறது. அதைவிட, லைட்டையும் ஃபிரேமையும் அவர் வருவதற்கு முன்பே வேறு யாரையாவது உட்காரவைத்து முடித்துவிடுங்கள். காலர் மைக் மாட்டும்போது, என்ன செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே மாட்டுங்கள். நீங்கள் லென்ஸுக்குப் பக்கத்திலேயே, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். ‘கேமராவை மறந்துடுங்க, என்னைப் பார்த்துப் பேசுங்க’ என்பது அப்போதுதான் அவரால் முடிகிற காரியம்.

‘உங்கள் பெயர், பதவி சொல்லுங்கள்’ என்று ஆரம்பிக்கும் வழக்கமும் வேண்டாம், அது விசாரணை மாதிரி ஒலிக்கும். ‘கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, நாம் பேசிக்கொண்டிருக்கலாம்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அவருக்குக் கைவந்த வேலையைப் பற்றி முதலில் கேளுங்கள். அந்த முதல் ஐந்து நிமிடம் படத்தில் வராமல் போகலாம். முக்கியமான கேள்வியை அதற்குப் பிறகு, தோள் இறங்கி, கைகள் தாமாக அசையத் தொடங்கியதும் கேளுங்கள்.