ஷிஃப்ட் பதிவுகளைப் பார்த்துக் கூலி பிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் சில இறால் பண்ணைகளில் ராத்திரி ஷிஃப்ட்காரர்கள் செல்போன் செயலியில்தான் வேலை தொடங்கியதையும் முடித்ததையும் பதிகிறார்கள். அந்தப் பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. புதிதாகப் பொறுப்பேற்கும் மேற்பார்வையாளர்கள் திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். பெயரை மாற்றி எழுதுவது, தேதியைத் தப்பாகத் தட்டுவது போன்றவை கண்ணில் பட்டதும் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வந்து சேர்ந்த நேரத்தை வேலை தொடங்கிய நேரமாக எடுப்பது

ஒவ்வொரு பதிவுக்கும், செயலி தானாகவே எழுதி வைக்கும் ஆடிட் லாக்கில் இரண்டு நேரம் இருக்கும். பொத்தானை அழுத்தியபோது போனில் இருந்த நேரம் ஒன்று. அது சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம் இன்னொன்று. சிக்னல் இருந்தால் இரண்டுக்கும் சில விநாடிதான் வித்தியாசம். சிக்னல் இல்லாத குளக்கரையில் பதிவு போனிலேயே தங்கிவிடும். விடிந்து ரோட்டுப் பக்கம் வரும்போதுதான் மொத்தமாகப் போய்ச் சேரும்.

ஒரு பண்ணையில் விடியற்காலை ஆக்சிஜன் இறங்கி ஒரு குளத்தில் இறால் செத்து மிதந்தது. மேலாளர் அறிக்கையைத் திறந்தார். ‘ஷிஃப்ட் தொடக்கம் காலை 6:22’ என்று இருந்தது. ராத்திரி பூராவும் ஆளே இல்லை என்று முடிவு கட்டி, ராத்திரி ஷிஃப்ட் பார்த்த தம்பியின் கூலியை நிறுத்திவிட்டார். ஆடிட் லாக்கை எடுத்தபோது இப்படி இருந்தது:

```
seq  event        device_time  received_at
41   shift_start  16:28        00:52
42   do_reading   22:34        00:52
43   aerator_on   22:41        00:52
```

இவை UTC என்னும் உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். 16:28 என்றால் இரவு 9:58. ஆக்சிஜன் அளந்தது 4:04, லிட்டருக்கு 2.8 மில்லிகிராம். 4:11க்கு இரண்டாவது ஏரேட்டரைப் போட்டிருக்கிறார். மூன்றும் சர்வருக்கு வந்த நேரம் காலை 6:22. அறிக்கை செய்தவர் received_at பத்தியைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறார்.

மூன்று பதிவுக்கும் வந்து சேர்ந்த நிமிடம் ஒன்றாகவே இருந்தால், சிக்னல் இல்லாமல் தேங்கியவை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். ‘போன் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாமே’ என்றார் மேலாளர். கேட்க வேண்டிய கேள்விதான். பதிவுகள் போய்ச் சேர்ந்த நேரத்தில் போன் கடிகாரமும் சர்வர் கடிகாரமும் ஒத்திருந்தனவா என்று பார்த்தோம், ஒத்திருந்தன. வரிசை எண்ணும் நேரமும் ஒரே ஒழுங்கில் ஏறின. ஆனாலும் கடிகாரத்தை மாற்றிப் பதிந்துவிட்டு மறுபடி சரி செய்பவரை இவை இரண்டும் பிடித்துவிடாது. அதனால் ஜெனரேட்டர் நோட்டையும் பார்த்தோம். அந்த ராத்திரி 4 மணிக்குமேல் ஜெனரேட்டர் ஓடியதாக வேறொருவர் கையெழுத்தில் இருந்தது. இது செயலிக்கு வெளியே இருந்து வந்த சாட்சி. கூலி திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்குள் அவர் வேறு பண்ணைக்குப் போய்விட்டார். இன்றுவரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பக்கத்துப் பத்தியைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. UTC கணக்கில் தேதி மாறுவது நமக்குக் காலை 5:30க்குத்தான். அதிகாலை 4 மணிப் பதிவு முந்தின நாள் தேதியில் நிற்கும். தேதியை வைத்து வடிகட்டினால் ராத்திரி ஷிஃப்ட்காரர் பாதி வேலையைச் செய்யாதவராகத் தெரிவார்.

எல்லா வேலைக்கும் கடைசியில் ‘முடிந்தது’ போடுவது

தீவனத் தட்டு பார்த்தது, ஆக்சிஜன் அளந்தது, மதகு அடைத்தது என்று எல்லாமே ஒரே நிமிடத்தில் முடிந்ததாகப் போனிலேயே நேரம் விழுந்திருந்தால், அந்தப் பதிவு எப்போது பொத்தானை அழுத்தினார் என்று மட்டும்தான் சொல்லும். வேலை எப்போது நடந்தது என்று சொல்லாது. வேலை செய்தவருக்குத்தான் நஷ்டம், மிகைநேரக் கூலி கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்காது. ஆக்சிஜன் அளவும் குளத்துப் போட்டோவும் அந்தந்த நேரத்தில் ஏறியிருந்தால் நிலைமை வேறு.

ஒரே கடவுச்சொல்லில் நாலு பேர்

யார் என்ற பத்தி அதோடு பயனற்றுப் போகும்.

தப்பான பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது

அழிக்காதீர்கள், திருத்துங்கள். திருத்தினால் பழைய நேரம், புதிய நேரம், திருத்தியவர், திருத்திய நேரம், காரணம் ஐந்தும் நிற்கும். காரணம் கேட்கும் கட்டத்தில் ‘சரி செய்தது’ என்று மட்டும் எழுதினால் தகராறில் அது உதவாது. ‘சார்ஜ் இல்லை, 10 மணிக்கு வந்ததைக் காவலர் பார்த்தார்’ என்று எழுதுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பி இருப்பது

வழக்கு என்று போனால், மின்னணுப் பதிவின் நகலுக்கு பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63இன்படி சான்றிதழ் வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிப்பிட வேண்டும். பல செயலிகள் பழைய லாக்கைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு நீக்கிவிடும். ஆகவே வாய்த்தகராறு தொடங்கிய அன்றே முழு லாக்கையும் இரண்டு நேரப் பத்திகளோடு இறக்கி, இரு தரப்புக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.