பாதித்தது, பாதிப்பு: அஃபெக்டும் எஃபெக்டும் இடம் மாறுவது எங்கே?

போன மாரியில், வெல்லாவெளிப் பக்கம் இருந்து என் வகுப்புக்கு வரும் பதினொராம் தரப் பிள்ளை ஒருத்தி 1978 சூறாவளியைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக் கொண்டுவந்தாள். அம்மம்மாவிடம் கேட்டு எழுதியது. நவம்பர் 23 இரவு காற்று கூரையைக் கொண்டுபோனது, விடிந்து பார்த்தால் தென்னைகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தது எல்லாம் அதில் இருந்தது. நான் சிவப்புப் பேனை வைத்தது இரண்டு வரிகளில்தான். ஒன்று, "த சைக்ளோன் எஃபெக்டட் அவர் வில்லேஜ்". மற்றது, "த அஃபெக்ட் ஆஃப் த சைக்ளோன் வாஸ் டெரிபிள்". இரண்டு சொல்லும் அப்படியே இடம் மாறி நின்றன.

"மிஸ், ரெண்டும் பாதிப்புத்தானே?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. குழப்பம் தொடங்குவதே அங்கேதான். இரண்டு சொல்லுக்கும் நாங்கள் 'பாதிப்பு' என்றே பொருள் எழுதிப் பாடமாக்குகிறோம். காதும் உதவாது, ஏனென்றால் சாதாரணப் பேச்சில் முதல் எழுத்து இரண்டிலும் மெலிந்து ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் தமிழைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. 'பாதித்தது' வினை. 'பாதிப்பு' பெயர். முதலாவது அஃபெக்ட், ஏ எழுத்தில் தொடங்குவது. இரண்டாவது எஃபெக்ட், ஈ எழுத்தில் தொடங்குவது.

அவளுடைய வரிகளை முதலில் தமிழில் சொல்லச் சொன்னேன். "சூறாவளி எங்கட ஊரைப் பாதித்தது." இங்கே காற்று ஒரு வேலை செய்கிறது, அப்போ அஃபெக்டட். "சூறாவளியின் பாதிப்பு பயங்கரமானது." சொல் 'ப்பு' என்று முடிகிறது, அது ஒரு பொருளின் பெயர்போல நிற்கிறது, அப்போ எஃபெக்ட். முன்னால் 'த', 'அன்', 'திஸ்' போன்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டால் அநேகமாக ஈ எழுத்துத்தான். ஆங்கிலத்திலேயே நினைவு வைக்க விரும்பும் பிள்ளைகளுக்கு, ஏ என்றால் ஆக்‌ஷன், ஈ என்றால் எண்ட், அதாவது கடைசியில் மிஞ்சிய விளைவு என்று சொல்லிக் கொடுப்பேன். இது வெறும் விளையாட்டு அல்ல. இரண்டு சொல்லும் 'செய்' என்று பொருள்படும் ஒரே இலத்தீன் வேரில் பிறந்தவை. முன்னால் ஒட்டியிருப்பது அஃபெக்டில் 'நோக்கி', எஃபெக்டில் 'வெளியே'. காற்று ஊரை நோக்கி வந்தது அஃபெக்ட். அதிலிருந்து வெளிவந்தது எஃபெக்ட்.

ஒரு எச்சரிக்கை. தமிழில் பாதிப்பு என்றால் கெட்டதுதான். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் நல்லதுக்கும் வரும். பசளை போட்டு விளைச்சல் கூடினாலும் அது எஃபெக்ட்தான். அப்படியான இடத்தில் பாதிப்புக்குப் பதில் 'விளைவு' என்று போட்டுப் பார்க்கலாம்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பிழை, 'அஃபெக்டட் ஆன் த பேடி' என்று எழுதுவது. பெரும்போக வெள்ளம் பற்றிய கட்டுரைகளில் இதை அடிக்கடி காண்கிறேன். இதற்கும் தமிழே துணை. "வெள்ளம் வேளாண்மையைப் பாதித்தது" என்னும்போது 'ஐ' உருபு நேரே ஒட்டுகிறது, இடையில் வேறொன்றும் இல்லை. ஆகவே அஃபெக்டுக்குப் பின்னால் 'ஆன்' வேண்டாம். "வேளாண்மையில் பாதிப்பை ஏற்படுத்தியது" என்று நீட்டிச் சொன்னால்தான் 'ஹேட் அன் எஃபெக்ட் ஆன்' வரும்.

சரி, எஃபெக்ட் வினையாகவே வராதா? வரும், ஆனால் பொருள் வேறு: ஏற்படுத்துவது, நடத்தி முடிப்பது. அதிபர் நேர அட்டவணையில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தால் 'எஃபெக்டட் எ சேஞ்ச்'. ஏற்கெனவே முடிவான மாற்றத்தில் அவர் தலையிட்டு அதைக் கொஞ்சம் திருப்பினால் 'அஃபெக்டட் த சேஞ்ச்'. ஓர் எழுத்தில் செய்தியே மாறிவிடுகிறது. சாதாரண தரக் கட்டுரையில் இந்த வினை தேவைப்படுவது குறைவு, வாசிப்புப் பந்தியில் வந்தால் விளங்கினால் போதும். கடிதங்களில் வரும் 'வித் எஃபெக்ட் ஃப்ரம்' எப்போதும் ஈ எழுத்துத்தான். அஃபெக்ட் பெயராக வருவது உளவியல் நூல்களில், முகத்திலும் குரலிலும் தெரியும் உணர்ச்சியைக் குறிக்க. அப்போது முதல் அசையை அழுத்திச் சொல்வார்கள்.

அடுத்த நாள் கொப்பியில் அவள் இரண்டு வரியையும் திருத்தி, கீழே புதிதாக ஒன்று சேர்த்திருந்தாள்: "இட் ஹேட் எ டெரிபிள் எஃபெக்ட் ஆன் த கோகனட் ட்ரீஸ்." ஈ எழுத்தின் கீழே பென்சிலால் சின்னதாக 'ப்பு' என்று எழுதியிருந்தாள்.