வாடகைதாரருக்கு எழுதும் கடிதத்தில் அட்வான்ஸையும் லாக்-இன்னையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்

வீட்டு உரிமையாளர்கள் வாடகைதாரருக்கு எழுதும் கடிதங்களில் நான் அதிகம் பார்க்கும் வரி இது: "லாக்-இன் முடியுமுன் காலி செய்தால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது." நானும் முதல் தடவை இப்படித்தான் எழுதினேன், அது தவறு என்று வாடகைதாரர் காலி செய்யும்போதுதான் புரிந்தது.

அட்வான்ஸ் வாடகைதாரருடைய பணம். வாடகை பாக்கி, கரண்ட் பில், உடைந்த பொருள் ஆகியவற்றுக்குப் பிணையாக நம்மிடம் இருக்கிறது, அவ்வளவுதான். லாக்-இன் என்பது இத்தனை மாதம் காலி செய்ய மாட்டேன் என்ற வாக்கு. இரண்டுக்கும் தனித்தனி கணக்கு.

என் கணக்கையே சொல்கிறேன். வாடகை 15,000, அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு 45,000, ஒப்பந்தம் ஜூன் 1 முதல் 11 மாதம், லாக்-இன் ஆறு மாதம், அதாவது நவம்பர் 30 வரை. அவருக்கு வேலை மாற்றல் வந்து செப்டம்பர் 30 அன்று காலி செய்தார். லாக்-இன்னில் மீதி இருந்தது இரண்டு மாதம், 30,000 ரூபாய். நான் எழுதிய வரிப்படி பார்த்தால் 45,000 முழுதும் போகும், அது எந்தக் கணக்கில் நியாயம்? அதோடு நவம்பர் 1 அன்றே வேறு குடும்பம் குடிவந்துவிட்டது, எனவே எனக்கு உண்மையில் நஷ்டம் ஒரு மாத வாடகைதான். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவும் இதையே சொல்கிறது: ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் அதை மீறாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 15,000 பிடித்துக்கொண்டு 30,000 திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது கடிதத்தில் இப்படி எழுதுகிறேன்: "லாக்-இன் 30.11 வரை. அதற்கு முன் காலி செய்தால், மீதி நாட்களில் வீடு காலியாக இருக்கும் காலத்துக்கு மட்டும் வாடகை கழிக்கப்படும்."

அடுத்தது நோட்டீஸ். லாக்-இன் முடிந்த பிறகுதான் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டுமா, அல்லது அக்டோபர் கடைசியில் நோட்டீஸ் கொடுத்து நவம்பர் 30 அன்றே கிளம்பலாமா என்பதைத் தெளிவாக எழுதாவிட்டால் கட்டாயம் சண்டை வரும். அப்புறம், லாக்-இன் நம்மையும் கட்டுமா என்பதையும் எழுதுங்கள், நாம் மட்டும் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம் என்றால் அவர் எதை நம்பிக் குடிவருவார்?

கடிதத்தில் இருப்பது ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு கடிதத்தில் "பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை" என்று புதிதாகச் சேர்த்தால் அது அவரைக் கட்டாது.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதி அட்வான்ஸைத் தந்துவிட வேண்டும், அதனால் "புதிய ஆள் வந்ததும் தருகிறேன்" என்று எழுதாதீர்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், சாவி வாங்கும் அன்றே இருவரும் நின்று மீட்டரைப் போட்டோ எடுத்து, அந்த யூனிட்டுக்கு உண்டான தொகையை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.