குழந்தை பிறந்த தோழியிடம் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என்னைவிடப் பத்து வயது இளையவள் ஒருத்தி வருத்தத்தோடு சொன்னாள்: "அவ மாறிட்டாக்கா. குழந்தை பிறந்ததுலேர்ந்து ஒரு மெசேஜுக்கும் பதில் இல்ல. இனிமே அவளே கூப்பிடட்டும்." என் 28 வயதில் நானும் இதையேதான் சொன்னேன். அதனால் ஒரு தோழியோடு மூன்று வருடம் பேச்சே இல்லாமல் போனது.

பிறந்தநாளை மறந்துவிடுவது, குழந்தைக்குப் பெரிய அளவில் சட்டை வாங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றால் எந்த நட்பும் முறிவதில்லை.

"ஃப்ரீயா இருக்கும்போது கூப்பிடு"

இதை யார் சொல்லிக் கேட்டாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சொல்பவருக்கு இது பெருந்தன்மையாகத் தெரியும். கேட்பவளுக்கு இன்னொரு வேலை.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். குடிக்க வைத்து, தோளில் போட்டுத் தட்டி, துணி மாற்றித் தூங்க வைப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். அடுத்த அழுகைக்குள் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில்தான் அவள் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். இதில் ஃப்ரீ என்று எதைச் சொல்வாள்?

அதனால் பதிலைத் தள்ளிப்போடுகிறாள். இரண்டு நாள் கழித்து எழுத உட்கார்ந்தால் முதலில் ஒரு 'ஸாரி' எழுத வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டால் ஏன் எழுதவில்லை என்ற கதையையும் சொல்ல வேண்டும். வட்டி ஏறிக்கொண்டே போகும் கடன் மாதிரி அது. கடைசியில் நம் பெயரைத் திரையில் பார்த்தாலே அவளுக்குச் சங்கடமாகிவிடுகிறது.

என் விடுதித் தோழி பிரசவத்துக்குத் திருநெல்வேலியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் சென்னையிலிருந்து மூன்று முறை "ஃப்ரீ ஆனதும் கூப்பிடு" என்று அனுப்பிவிட்டு, ரோஷத்தில் நிறுத்திக்கொண்டேன். ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் படிப்பாளாம். பிறகு வெட்கமாகிவிட்டதாம். என் மகன் பிறந்தபோது நானும் இரண்டு பேருக்கு இப்படித்தான் பதில் போடாமல் இருந்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இப்போது நான் செய்வது வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ். பால் கொடுக்கும்போது டைப் அடிப்பது சிரமம், ஆனால் காது சும்மாதான் இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. "பதில் போட வேண்டாம்" என்று ஆரம்பிப்பேன். கேள்வி எதுவும் கேட்க மாட்டேன். குழந்தையைப் பற்றியும் பேச மாட்டேன், அதைத்தான் ஊரே விசாரிக்கிறதே. வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போட்டது மாதிரி ஏதாவது சொல்வேன். இன்னொரு தோழிக்கு இப்படி அனுப்பியபோது ஐந்து வாரம் பதிலே இல்லை. ஆறாவது வாரம் ராத்திரி 2.40க்கு ஒரு குட்டி வாய்ஸ் மெசேஜ் வந்தது: "ஏய், அந்த மோட்டார் கதை என்னாச்சு?"

ஊசி போட்ட மறுநாள் போய் நிற்பது

6, 10, 14ஆவது வாரத் தடுப்பூசிகளுக்குப் பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். வந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. தேதியைக் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் தள்ளிப் போங்கள்.

போய்க் குழந்தையை மட்டும் தூக்கி வைத்திருப்பது

பாத்திரத்தைத் தேய்த்துக் கொடுங்கள்.

அம்மா வீட்டில் இருக்கும்வரை மட்டும் விசாரிப்பது

முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அவள் புகுந்த வீட்டுக்குத் திரும்பும்போது அம்மாவின் கைத்துணை போய்விடுகிறது, விசாரிக்கிறவர்களும் குறைந்துவிடுகிறார்கள். கணவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு குழந்தையோடு தனியாக இருக்கும் அந்தப் பகல்கள்தான் மிக நீளமானவை. திரும்பும் தேதியை முன்பே தெரிந்து வைத்துக்கொண்டு அந்த வாரமே போங்கள். "எப்போ வரட்டும்?" என்று கேட்காதீர்கள். "செவ்வாய் 11 மணிக்குச் சாப்பாடு கொண்டு வர்றேன், வேண்டாம்னா ஒரு 'நோ' மட்டும் போடு" என்று சொல்லுங்கள்.

எல்லா மௌனத்தையும் களைப்பு என்று நினைப்பது

பிரசவத்துக்குப் பின் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் அழுதால், குழந்தை தூங்கும்போதுகூட அவளால் தூங்க முடியாவிட்டால், 'நான் இருந்தே பிரயோஜனமில்லை' என்கிற மாதிரிப் பேசினால், வாய்ஸ் மெசேஜ் போதாது. அன்றே அவள் கணவரிடமோ அம்மாவிடமோ பேசுங்கள், மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அவள் கூப்பிடத் தயங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் போன் போட்டுக் கொடுங்கள்.