வேலை கிடைத்ததும் நண்பனுக்கு நன்றி எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மூன்று பேர் தங்கள் நன்றிப் பதிவின் வரைவை என்னிடம் காட்டினார்கள். மூவரும் நீண்ட நாள் அலைந்து வேலை கிடைத்தவர்கள். உதவிய நண்பருக்கு லிங்க்டுஇன்னிலோ இன்ஸ்டாகிராமிலோ நாலு வரி எழுத ஆசைப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு மூன்றிலும் இருந்தது. எழுத்துப்பிழை, படத்தின் அளவு போன்றவற்றை அவரவரே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

"வேலை வாங்கிக் கொடுத்தான்"

நான் பதினோரு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். என் நண்பன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தான். நான்கு பக்க ரெஸ்யூமை இரண்டாகக் குறைத்துக் கொடுத்தான். ஞாயிறு இரவுகளில் தொலைபேசியில் மாதிரி நேர்காணல் நடத்தினான். கடைசியில் தன் நிறுவனத்தில் என் பெயரைப் பரிந்துரைத்தான். அதற்குப் பிறகு ஒரு எழுத்துத் தேர்வும் மூன்று சுற்று நேர்காணலும் இருந்தன. அவற்றில் எதிலும் அவன் இல்லை.

வேலை கிடைத்த அன்றே, "இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவன் இவன்தான்" என்று எழுதி, அவன் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இணைத்தேன். இரண்டே நாளில் முன்பின் தெரியாதவர்கள் அவனுக்கு ரெஸ்யூம் அனுப்பத் தொடங்கினார்கள். பதில் போடாவிட்டால் "உங்கள் நண்பருக்கு மட்டும்தானா?" என்று கேட்டார்கள். அடுத்த வாரம் அவனுடைய மேலாளர் அவனை அழைத்து, தேர்வுக் குழுவில் யாரிடமாவது பேசினாயா என்று விசாரித்தார். பேசவில்லை என்று அவன் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. என்னிடம் அவன் கோபப்படவில்லை. அந்தப் பதிவை எடுத்துவிட முடியுமா என்று மட்டும் கேட்டான். இன்றும் அந்தச் சொற்றொடரை யாருடைய வரைவில் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

பரிந்துரை செய்தால் ரெஸ்யூம் மனிதவளத் துறையின் கண்ணில் சற்று முன்னதாகப் படும். தேர்வு செய்பவர்கள் வேறு ஆட்கள். பரிந்துரைக்கப்பட்டவர் வேலையில் சேர்ந்தால், பரிந்துரைத்த ஊழியருக்கு ஊக்கத்தொகை தரும் நிறுவனங்களும் பல உண்டு. அதனால் "வாங்கிக் கொடுத்தான்" என்ற சொல் இன்னும் மோசமாகப் படும். நம் ஊரில் அதைக் கேட்டவுடன் சிபாரிசு நினைவுக்கு வரும், பலருக்குப் பணமும் நினைவுக்கு வரும். நண்பனின் நேர்மையும் உங்கள் தகுதியும் அந்த ஒரே சொல்லில் அடிபடுகின்றன.

இதைக் கண்டுபிடிக்க, பதிவில் நண்பன் செய்ததாக வரும் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். திருத்தினான், கேட்டான், காத்திருந்தான் என்றால் அவை அவன் கையால் செய்தவை, இருக்கட்டும். நுழைத்துவிட்டான், முடித்துக் கொடுத்தான் என்றால் அவை வேறு யாரோ எடுத்த முடிவுகள், வெட்டிவிடுங்கள். பரிந்துரைத்ததற்கான நன்றியை நேரில் சொல்லுங்கள். பொதுவில் அது வேண்டாம்.

உங்கள் துயரத்தில் தொடங்குவது

பதிவின் முதல் சில வரிகள்தான் திரையில் தெரியும். மீதியைப் படிக்க அழுத்திப் பார்க்க வேண்டும். அந்த வரிகளில் "நூறு நிராகரிப்புகள், தூங்காத இரவுகள்" என்று எழுதினால் நண்பன் மறைந்திருக்கும் பகுதிக்குள் போய்விடுகிறான். முதல் வாக்கியத்திலேயே அவன் வரட்டும். தேடிய காலத்துக்கு அரை வாக்கியம் போதும்.

தெய்வமாக்குவது

வேண்டாம். அவனுக்குக் கூச்சம், படிப்பவருக்குச் சந்தேகம்.

கைமாற்று

எவ்வளவு கொடுத்தான் என்பது ஒருபோதும் பதிவில் வரக்கூடாது.

பெருமைச் சொற்களை அடுக்குவது

"தூண், வழிகாட்டி, உயிர் நண்பன்" என்று அடுக்கினால் எந்த நண்பனுக்கும் பொருந்தும். அவன் செய்த ஒரு காரியத்தைச் சொன்னால் அன்பு தானாகத் தெரியும். இன்று நான் எழுதுவதாக இருந்தால் இப்படித்தான் எழுதுவேன்:

"பதினோரு மாதம், ஞாயிறு இரவு எட்டு மணிக்கு என்னை அழைத்துக் கேள்வி கேட்டவன் இவன். தவறான பதில்களை அவன் பாராட்டியதில்லை. ஒரு நிராகரிப்பு வந்த மாலையில் டீக்கடைக்கு அழைத்துப் போய், வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமை புதிய வேலையில் சேர்கிறேன். நன்றி, நண்பா. இந்த ஞாயிறு நான் அழைக்கிறேன்."

இதில் நிறுவனத்தின் பெயர் இல்லை, பரிந்துரை இல்லை, நண்பன் எங்கே வேலை செய்கிறான் என்பதும் இல்லை. கடைசி வரி பதிலுக்கு ஒன்று செய்வதாகச் சொல்கிறது. அதனால் "என்றும் கடன்பட்டிருப்பேன்" என்று எழுதத் தேவையில்லை.

கேட்காமல் வெளியிடுவது

அந்த மூவரில் ஒரு பெண், திருத்திய வரைவைத் தன் தோழிக்கு முதலில் அனுப்பினார். தோழி அப்போது யாருக்கும் தெரியாமல் தானும் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார். "எழுதியதெல்லாம் இருக்கட்டும், என் பெயரை மட்டும் இணைக்காதே" என்று சொன்னார். பதிவு பெயரில்லாமலே வெளியானது. தோழி அதை விரும்பிப் படித்ததாகச் சொன்னாராம்.